இருந்தால், இருந்திருந்தால்: பிரெஞ்சு ‘ஸி’யின் மூன்று படிகள்

“அவனுக்கு நேரம் இருந்தால் வந்துவிட்டுப் போவான்.” இதைப் பிரெஞ்சில் எழுதச் சொன்னால், ஒன்றிரண்டு ஆண்டு படித்த மாணவர்களில் சிலர் தயங்காமல் இப்படி எழுதுவார்கள்: “ஸில் ஓரா லெ தாம், இல் பஸ்ரா.” ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ‘ஸி’ என்றால் ‘-ஆல்’. ‘இல்’ என்றால் அவன். இரண்டும் சேர்ந்து ‘ஸில்’ ஆகிறது. ‘லெ தாம்’ நேரம். ‘பஸ்ரா’ வந்துபோவான். நேரம் இருக்கப்போவது நாளைக்குத்தானே என்று எண்ணி, ‘இருக்கும்’ என்ற பொருள் தரும் எதிர்கால வடிவமான ‘ஓரா’வைப் போட்டிருக்கிறார் மாணவர். ஆசிரியரின் சிவப்பு மை விழுவது அந்த ‘ஓரா’வின் மேல்தான். வர வேண்டியது ‘ஆ’ என்ற நிகழ்கால வடிவம்: “ஸில் ஆ லெ தாம், இல் பஸ்ரா.”

ஏன் என்று மாணவர் கேட்டால், பெரும்பாலும் ஒரு அட்டவணை பதிலாகக் கிடைக்கும். ‘ஸி’யோடு நிகழ்காலம் வந்தால் மறுபாதியில் எதிர்காலம். ‘ஸி’யோடு ‘அம்பர்ஃபே’ எனப்படும் இறந்தகாலம் வந்தால் மறுபாதியில் ‘கோந்திஸியோனெல்’ எனப்படும் நிபந்தனை வடிவம். ‘ஸி’யோடு ‘ப்ளு-கெ-பர்ஃபே’ எனப்படும் முந்தைய இறந்தகாலம் வந்தால் மறுபாதியில் நிபந்தனை வடிவத்தின் இறந்தகாலம். மூன்று வரி, ஆறு பெயர்கள். தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்தால் ஒரு வாரம் நிற்கும், பிறகு எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேரும் என்பது குழம்பிவிடும்.

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் கருத்து ஒன்றே ஒன்று. அந்த அட்டவணை ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று விதிகள் அல்ல. ஒரே ஜோடி, படிப்படியாகப் பின்னால் இறங்குகிறது. அந்தப் படிகளில் இரண்டைத் தமிழ் பேசுகிறவர் பிறந்தது முதல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். நடுப்படி ஒன்றுதான் அவருக்குப் புதிது.

ஒரே வாக்கியத்தை மூன்று படியிலும் நிறுத்திப் பார்க்கலாம்.

முதற்படி: “ஸில் ஆ லெ தாம், இல் பஸ்ரா.” நேரம் இருந்தால் வருவான். இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். கதவு திறந்திருக்கிறது.

இரண்டாம் படி: “ஸில் ஆவே லெ தாம், இல் பஸ்ரே.” நேரம் இருந்தால் வருவான்தான், ஆனால் அவனுக்கு ஏது நேரம்? பேசுகிறவர் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டார்.

மூன்றாம் படி: “ஸில் ஆவே யு லெ தாம், இல் ஸெரே பஸே.” நேரம் இருந்திருந்தால் வந்திருப்பான். இருக்கவில்லை, வரவில்லை. கதவு மூடிப் பூட்டியாகிவிட்டது.

முதல் இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காதுக்கு ஒன்று தட்டுப்படும். முதல் வாக்கியத்தில் ‘ஸி’க்குப் பின் வரும் வினை ‘ஆ’. மறுபாதியின் வினை முடிவதும் ‘பஸ்ரா’ என்று அதே ஆகாரத்தில். இரண்டாவதில் முன்பாதி ‘ஆவே’, பின்பாதி ‘பஸ்ரே’. தமிழ்ச் செய்யுளில் அடியின் ஈறு ஒன்றிவந்தால் இயைபுத் தொடை என்பார்கள். இங்கே இரு பாதியின் வினைகளும் அப்படி இயைகின்றன. இது தற்செயல் அல்ல.

லத்தீன் மொழி பேச்சுவழக்கில் உருமாறிப் பிரெஞ்சாகியபோது, பழைய லத்தீன் எதிர்கால வடிவங்கள் வழக்கிழந்தன. அவற்றின் இடத்தில் மக்கள் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். ‘பாட’ என்ற வினையோடு ‘உடையேன்’ என்ற பொருள் தரும் ‘ஹபேயோ’வைச் சேர்த்து, ‘பாட உடையேன்’, அதாவது ‘பாட வேண்டியிருக்கிறது’ என்றார்கள். நாளடைவில் இரண்டு சொல்லும் ஒட்டி ஒன்றாயின. இன்றைய பிரெஞ்சு எதிர்காலம் அதுதான். வினையின் மூல வடிவம் முன்னால், ‘உடைமை’ வினையான ‘ஆவுவார்’ என்பதன் நிகழ்கால விகுதி பின்னால். ‘பஸ்ரா’வின் வாலில் தொங்கும் ‘ஆ’, ‘அவனுக்கு இருக்கிறது’ என்று சொல்லும் அதே ‘ஆ’.

அதே கட்டடத்தில் ஒரு செங்கல்லை மட்டும் மாற்றினார்கள். ‘உடையேன்’ என்ற நிகழ்காலத்துக்குப் பதில் ‘உடையவனாக இருந்தேன்’ என்ற இறந்தகாலத்தை ஒட்டவைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் நிபந்தனை வடிவம். ‘பஸ்ரே’யின் வாலில் இருக்கும் ஏகாரம் ‘ஆவே’யின் வாலில் இருக்கும் அதே ஏகாரம். ஆகவே நிபந்தனை வடிவம் என்பது எதிர்காலத்தின் உடலில் இறந்தகாலத்தின் வால் ஒட்டியது. நேற்றில் நின்றுகொண்டு பார்க்கும் நாளை என்று அதைச் சொல்லலாம்.

இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க ‘ஸி’யே இல்லாத ஒரு வாக்கியம் போதும். “இல் ஆ தி கில் பஸ்ரே.” வருவதாகச் சொன்னான். சொன்னது நேற்று, வருவது, சொன்ன நேரத்திலிருந்து பார்த்தால் நாளை. அங்கேயும் அதே ‘பஸ்ரே’ வருகிறது. அந்த வாக்கியத்தில் நிபந்தனை ஏதும் இல்லை. முன்பு பிரெஞ்சு இலக்கண நூல்கள் பல இந்த வடிவத்தைத் தனி ‘நிபந்தனைப் பாங்கு’ என்று வகுத்தன. பின்னர் வந்த நூல்கள் இதைச் சாதாரணக் காலங்களின் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டதற்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் ஒரு காரணம்.

இப்போது அட்டவணை தானாகவே எழுந்து நிற்கும். ‘ஸி’ பாதியில் நிகழ்காலம் என்றால், மறுபாதியில் நிகழ்கால வால் ஒட்டிய எதிர்காலம். ‘ஸி’ பாதி ஒரு படி இறங்கி அம்பர்ஃபே ஆனால், மறுபாதியும் ஒரு படி இறங்கி அம்பர்ஃபே வால் ஒட்டிய எதிர்காலமாகிறது. மூன்றாவதில் புதிதாக ஒன்றுமே இல்லை. இரண்டாம் படியின் இரு பாதியிலும் ஒரு துணைவினையை நிறுத்தி, முக்கிய வினையை முடிந்துபோன வடிவில் பின்னால் வைத்தால் மூன்றாம் படி. ‘ஆவே’ அப்படியே நிற்கிறது, பின்னால் ‘யு’ வருகிறது. ‘பஸ்ரே’யின் அதே ஏகார வால் ‘ஸெரே’யில் நிற்கிறது, பின்னால் ‘பஸே’ வருகிறது.

எல்லா எழுவாய்களுக்கும் இது ஒத்துவருமா? ‘நாம்’ என்று மாற்றிப் பார்க்கலாம். “ஸி நூ ஸாவோன் லெ தாம், நூ பஸ்ரோன்.” “ஸி நூ ஸாவியோன் லெ தாம், நூ பஸெரியோன்.” ஓன், ஓன், இயோன், இயோன். இயைபு குலையவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். முதற்படியில் இந்த இயைபு இவ்வளவு துல்லியமாகக் கேட்பது ‘ஸி’ பாதியில் ‘ஆவுவார்’ வினை இருப்பதால்தான். “ஸில் வியென், இல் ரெஸ்தரா”, அதாவது வந்தால் தங்குவான் என்னும்போது காதில் இயைபு விழாது. இரண்டாம் படியில் அந்தத் தடை இல்லை. எல்லா வினைகளுக்கும் அம்பர்ஃபே விகுதிகள் ஒன்றே என்பதால், “ஸில் வெனே, இல் ரெஸ்தரே” என்று எப்போதும் இயையும்.

இன்னொரு சிக்கலும் இதிலேயே தீர்கிறது. “அவன் வேலையை முடித்துவிட்டால் வருவான்” என்பதை “ஸில் ஆ ஃபினி, இல் பஸ்ரா” என்கிறார்கள். ‘ஆ ஃபினி’ என்பது முடிந்துபோன இறந்தகாலம். மூன்று வரி அட்டவணையில் இதற்கு இடமில்லையே என்று மாணவர் திகைப்பார். துணைவினையைப் பார்த்தால் திகைப்பு நீங்கும். அது ‘ஆ’, நிகழ்காலம். ஆகவே இது முதற்படி வாக்கியம். மறுபாதியில் வருவது எதிர்காலமே.

தமிழுக்கு வருவோம். ‘இருந்தால்’ என்ற சொல்லைப் பிரித்தால் இரு, ந்த், ஆல். ‘ந்த்’ இறந்தகால இடைநிலை. ‘போனால்’, ‘கிடைத்தால்’, ‘கேட்டால்’ எதைப் பிரித்தாலும் உள்ளே இறந்தகாலம்தான் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிச் சொன்னாலும் ‘நாளைக்கு வந்தால்’ என்றுதான் சொல்ல முடியும். ‘வருவால்’ என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. செயின் என்னும் வாய்பாட்டில் வரும் ‘வரின்’, ‘செய்யின்’ போன்ற பழைய வடிவங்களில் இறந்தகால இடைநிலை இல்லை. நன்னூல் அதை எதிர்கால வினையெச்சங்களோடு வைக்கிறது. ஆனால் இன்று வாயில் புழங்கும் ‘-ஆல்’ வடிவம், எதிர்காலக் குறியைத் தன் வீட்டுக்குள் விடுவதில்லை. பிரெஞ்சு ‘ஸி’யும் விடுவதில்லை. ‘ஸில் ஓரா’ என்று எழுதும் மாணவர், தமிழில் ‘வருவால்’ என்று சொல்வதற்குச் சமமான ஒன்றைச் செய்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரரான ‘காந்’ என்ற சொல்லில் இந்த ஒற்றுமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ‘காந்’ என்றால் ‘போது’. “நேரம் கிடைக்கும்போது வருவான்” என்பது பிரெஞ்சில் “காந் தில் ஓரா லெ தாம், இல் பஸ்ரா”. ‘ஸி’க்குப் பின் தவறாக இருந்த ‘ஓரா’ இங்கே சரி மட்டுமல்ல, கட்டாயம். ஆங்கிலத்தில் ‘போது’ என்றாலும் ‘-ஆல்’ என்றாலும் நிகழ்காலமே வரும் என்பதால், ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிக்கிறவர்கள் ‘காந்’ வாக்கியத்தில் நிகழ்காலத்தைப் போட்டுச் சறுக்குகிறார்கள். தமிழ் வழியாக வந்தால் சறுக்க வேண்டியதில்லை. ‘கிடைக்கும்போது’ என்பதில் எதிர்காலப் பெயரெச்சமான ‘கிடைக்கும்’ இருக்கிறது. ‘கிடைத்தால்’ என்பதில் அது இல்லை. பிரெஞ்சு எங்கே எதிர்காலத்தை வைக்கிறதோ அங்கே தமிழும் வைக்கிறது. எங்கே மறுக்கிறதோ அங்கே தமிழும் மறுக்கிறது. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பிரெஞ்சைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தமிழிலேயே ஒரு முறை காட்டிவிட்டால், பிறகு அவர்கள் தங்கள் காதையே நம்பலாம்.

மூன்றாம் படியும் அப்படித்தான். ‘இருந்திருந்தால் வந்திருப்பான்.’ இரண்டு பாதியிலும் ‘இரு’ என்ற துணைவினை. முக்கிய வினை முடிந்த வடிவில் ‘இருந்து’, ‘வந்து’ என்று நிற்க, துணைவினை காலத்தைச் சுமக்கிறது. பிரெஞ்சில் துணைவினை முன்னால் வரும், தமிழில் பின்னால் வரும். வேலைப் பங்கீடு ஒன்றே. கலப்பு வாக்கியங்களில்கூட இரு மொழியும் ஒத்துப்போகின்றன. “எட்டு மணி வண்டியைப் பிடித்திருந்தால் இந்நேரம் இங்கே இருப்பான்” என்பதில் முன்பாதி மூன்றாம் படி, ஏனென்றால் வண்டி போய்விட்டது. பின்பாதி இரண்டாம் படி, ஏனென்றால் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது. பிரெஞ்சுக்காரரும் முன்பாதியில் ‘ஆவே ப்ரி’, பின்பாதியில் ‘ஸெரே’ என்று அப்படியே சொல்வார். ஜோடிகள் உடைந்துவிட்டனவே என்று பதற வேண்டாம். ஒவ்வொரு பாதியும் தான் பேசும் நேரத்துக்குரிய படியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் நடுப்படியில். “பணம் இருந்தால் அந்த வீட்டை வாங்குவேன்.” இதைச் சொல்கிறவரிடம் பணம் வரப்போகிறதா, வரவே வராதா? தமிழ் வாக்கியம் காட்டிக்கொடுக்காது. குரலும் சூழலும்தான் சொல்லும். வங்கிக் கடனுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் சொன்னால் ஒரு பொருள். தெருவில் போகும்போது பெரிய வீடு ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னால் வேறு பொருள். ஐயம் வராமல் இருக்க, ‘பணம் மட்டும் இருந்தால்’ என்று ‘மட்டும்’ சேர்ப்போம். அல்லது இன்றைய நிலையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றாலும் ‘இருந்தால் வாங்கியிருப்பேன்’ என்று மூன்றாம் படிக்குச் சாய்ந்துவிடுவோம். பிரெஞ்சு இந்த இடத்தில் பேசுகிறவரை முடிவெடுக்கச் சொல்கிறது. முதல் ஆளுக்கு “ஸி ழே த லர்ழான்”, இரண்டாம் ஆளுக்கு “ஸி ழாவே த லர்ழான்”. ‘லர்ழான்’ பணம். தமிழ் மாணவர் மொழிபெயர்க்கும்போது செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் எழுதப்படாத அந்த ஐயத்தை முதலில் தன்னிடமே கேட்டுத் தீர்த்துக்கொண்டு, அதன்பிறகு பேனாவை எடுக்க வேண்டும்.

அம்பர்ஃபே என்ற பெயர் இந்த இடத்தில் தவறான பக்கம் இழுக்கும். அது இறந்தகாலம் என்று படித்த மாணவர், ‘ஸில் ஆவே’ என்றால் நேற்று இருந்ததைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடுவார். இங்கே அது நேற்றைக் காட்டவில்லை, தொலைவைக் காட்டுகிறது. நடப்பிலிருந்து ஒரு அடி விலகி நின்று பேசுவதற்குப் பிரெஞ்சு இறந்தகாலத்தின் உடையைக் கடன் வாங்குகிறது. மறுபாதி இல்லாமல் ‘ஸி’ பாதி தனியாக வரும்போதும் இந்தக் குணத்தைக் காணலாம். “ஸி ஓன் ஆலே ஓ கஃபே?” வடிவத்தில் ‘நாம் காப்பிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தால்’. பொருளில் ‘காப்பி குடிக்கப் போகலாமா?’ அழைக்கிறவர் ஒரு அடி விலகி நின்று கேட்பதால், மறுப்பவருக்கும் சங்கடம் இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் காணப்படும் பிழை, இரண்டாம் படியின் இரு பாதியிலும் நிபந்தனை வடிவத்தையே போட்டுவிடுவது. “ஸில் ஓரே லெ தாம், இல் பஸ்ரே.” இது வெளியார் மட்டும் செய்யும் பிழை அல்ல. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் செய்கிறார்கள். இவ் ரொபேர் இயக்கி 1962இல் வெளியான ‘லா கேர் தே புத்தோன்’ என்ற திரைப்படத்தில், ஒரு சின்னப் பையன் இந்தப் பிழையோடு கூடிய வசனத்தைப் பேசுகிறான். ‘தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன்’ என்பது அவன் சொல்ல வருவது. ‘ஸி’க்குப் பின்னாலும் நிபந்தனை வடிவத்தை வைக்கிறான், போதாக்குறைக்கு ‘வா’ என்ற வினைக்குத் தவறான துணைவினையையும் சேர்க்கிறான். பிரான்ஸில் பெரியவர்கள்கூட இன்றும் அந்த வசனத்தை அப்படியே சொல்லிச் சிரிப்பார்கள். குழந்தையின் கணக்கு நியாயமானதுதான். இரண்டு பாதியும் நடக்காததைப் பற்றியவை, பிறகு ஏன் இரண்டும் ஒரே உடையில் இருக்கக் கூடாது? பிரெஞ்சில் இருக்கக் கூடாது என்பதற்கான காரணம் முன்னால் சொன்னதே. நிபந்தனை வடிவத்தின் உடலில் எதிர்காலம் இருக்கிறது. ‘ஸி’ எதிர்காலத்தை உள்ளே விடாது.

இந்தப் பிழையைத் தடுக்கப் பிரெஞ்சுப் பள்ளிகளில் ஒரு வாசகம் சொல்லிக்கொடுப்பார்கள்: “லே ஸி நெம் பா லே ரே.” ‘ஸி’களுக்கு ‘ரே’கள் பிடிக்காது. நிபந்தனை வடிவத்தின் முடிவு ‘ரே’ என்பதால் இது பொருந்துகிறது. பிரெஞ்சில் ‘ஸி’ என்று ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்கு ரம்பம் என்று பொருள், ‘ரே’க்குத் திருக்கை மீன் என்று பொருள். ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது என்று படம் வரைந்து வைத்துக்கொண்டால் குழந்தைக்கு மறக்காது.

வாசகம் நல்லது, ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் சரியானதையும் திருத்திவிட நேரும். “ஸி எல் ப்ளெரே”, அதாவது ‘அவள் அழுதால்’ என்பது சரியான பிரெஞ்சு. முடிவில் ‘ரே’ இருக்கிறதே? அந்த ரகரம் ‘ப்ளெரே’, ‘அழு’ என்ற வினையின் சொந்த ரகரம். விகுதி கொண்டுவந்தது அல்ல. நிபந்தனை வடிவமாக இருந்தால் இன்னொரு ரகரம் சேர்ந்து ‘ப்ளெர்ரே’ ஆகியிருக்கும். ‘ஓடு’ என்று பொருள்படும் ‘கூரிர்’ வினையில் வேறுபாடு இன்னும் நுண்ணியது. அம்பர்ஃபேயில் ஒரு ரகரம், நிபந்தனை வடிவத்தில் இரண்டு. எழுத்தில் ஒரு எழுத்துதான் கூடுகிறது, பேச்சில் ஒரு அழுத்தம்தான் கூடுகிறது. எனவே விடைத்தாளைத் திருத்துகிறவர் ‘ரே’ கண்டவுடன் கோடு போடக் கூடாது. வினையின் மூல வடிவத்திலிருந்து விகுதியை நீக்கி, எஞ்சும் அடியின் ரகரத்தைக் கழித்துவிட்டு, இன்னும் ஒரு ரகரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் பிழை.

‘ஸி’க்குப் பின் எதிர்காலமும் நிபந்தனை வடிவமும் தாராளமாக வரும் இடம் ஒன்றும் இருக்கிறது. “ழெ ந ஸே பா ஸில் பஸ்ரா.” ‘அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது.’ இந்த ‘ஸி’ நிபந்தனையே அல்ல, மறைமுகக் கேள்வி. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அட்டவணையை மட்டும் நம்புகிறவர் இங்கே நிகழ்காலத்தைப் போடத் துடிப்பார். தமிழில் இரண்டும் வெவ்வேறு. ‘வந்தால்’ என்பது ஒன்று, ‘வருவானா’ என்பது மற்றொன்று. வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து ‘-ஆல்’ வந்தால் மூன்று படிகளின் விதி செல்லும், ‘-ஆ என்று’ வந்தால் செல்லாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரருக்கு இல்லாத வசதி இது.

வாக்கியத்தின் வரிசை மாறினாலும் காலங்கள் மாறுவதில்லை. “இல் பஸ்ரே, ஸில் ஆவே லெ தாம்” என்று மறுபாதியை முன்னால் கொண்டுவரலாம். அப்போதும் ‘ஆவே’ ‘ஸி’யை விட்டுப் பிரியாது. தமிழிலும் அவசரத்தில் “வந்திருப்பான், நேரம் இருந்திருந்தா” என்று தலைகீழாகச் சொல்கிறோம். சில சமயம் மறுபாதியையே விழுங்கிவிடுகிறோம். ரயில் நிலையத்துக்கு ஓடோடி வந்த ஒருவர், வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துச் சொல்வது ஒரே சொல்: “தெரிஞ்சிருந்தா…” பாரீஸின் நடைமேடையில் நிற்கிறவர் சொல்வதும் அந்தப் பாதி வாக்கியம்தான், அதே மூன்றாம் படியில்: “ஸி ழாவே ஸ்யு…”